நிறுத்திவைத்த இருபது சதவீதம்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு வார்ப்புகள் செய்து கொடுக்கும் சிறிய பவுண்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணபதியிலோ குறிச்சியிலோ இதுபோல எத்தனையோ உண்டு. ஜூன் மாதம் முதல் வாரம் சரக்கு போய்விட்டது. ஜிஎஸ்டி சேர்த்துப் பில் தொகை ரூ. 10,00,000. பம்ப் கம்பெனி நல்ல கம்பெனிதான், பணத்துக்கு மோசம் வராது. ஆனால் அவர்களுடைய வழக்கம் 45 நாள்.

பவுண்டரிக்கு அந்த 45 நாள் சும்மா ஓடாது. வார்ப்பிரும்பும் பழைய இரும்பும் விற்பவர் ஒரு வாரத்துக்கு மேல் கடன் தரமாட்டார். மின்கட்டணம் தள்ளிப்போகாது. சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கொடுத்தாக வேண்டும். இதற்கு மேல் ஜிஎஸ்டி. 18 சதவீத வரி சேர்ந்த பத்து லட்சம் ரூபாய் பில்லில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அரசாங்கத்தின் பணம். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர், உள்ளீட்டு வரியைக் கழித்ததுபோக மீதியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பம்ப் கம்பெனி பணம் தந்ததா இல்லையா என்று அந்தத் தேதி பார்க்காது.

இந்த இடைவெளியை அடைக்க வருவதுதான் இன்வாய்ஸ் டிஸ்கவுண்டிங். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பில் டிஸ்கவுண்டிங் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். வரவேண்டிய பில்லைக் காட்டி, அதில் பெரும்பகுதியை ஒரு வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ முன்கூட்டியே வாங்கிக்கொள்வது. வாங்கும் கம்பெனி பணம் கட்டியதும் பைனான்சியர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் கையில் எவ்வளவு வருகிறது, கணக்குப் புத்தகத்தில் அது என்னவாக எழுதப்படுகிறது, கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற மூன்று இடங்களிலும் தடுமாறுபவர்கள் நிறைய.

பைனான்சியர் பில்லைப் பார்த்தவுடன் பணம் கொடுத்துவிடுவதில்லை. பில், இ-வே பில், சரக்கு வந்து சேர்ந்ததற்குப் பம்ப் கம்பெனியின் ஸ்டோர் போட்ட வரவுச் சீட்டு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவிடம், இந்தப் பில்லை ஏற்றுக்கொண்டோம், உரிய தேதியில் இன்ன வங்கிக் கணக்கில் கட்டுவோம் என்று எழுத்தில் கேட்பார். அந்த வங்கிக் கணக்கு பவுண்டரியின் வழக்கமான கணக்காக இருக்காது. பைனான்சியரின் கட்டுப்பாட்டில் உள்ளதாக இருக்கும். இந்த ஒப்புதல் வாங்குவதில்தான் பல நாள் போகும். பணம் அவசரம் என்று ஓடுபவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது பைனான்சியரை அல்ல, வாங்கும் கம்பெனியில் பில் பாஸ் செய்பவரை.

ஒப்பந்தம் இப்படி என்று வைத்துக்கொள்வோம். பில் தொகையில் 80 சதவீதம் முன்பணம். மீதி 20 சதவீதம் நிறுத்திவைப்பு. வட்டி ஆண்டுக்கு 14.6 சதவீதம், அதாவது நூறு ரூபாய்க்கு நாளொன்றுக்கு நான்கு பைசா. முன்பணத்தின் மீது, பைனான்சியருக்குப் பணம் வந்து சேரும் நாள் வரை. செயலாக்கக் கட்டணம் பில் தொகையில் அரை சதவீதம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. வாங்கியவர் கட்டாவிட்டால் பவுண்டரியே திருப்பிக் கட்ட வேண்டும். கடைசியில் உள்ள அந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஜூன் 5-ஆம் தேதி பணம் வருகிறது. முன்பணம் ரூ. 8,00,000. கட்டணம் ரூ. 5,000, அதன் மேல் ஜிஎஸ்டி ரூ. 900, இரண்டையும் முதலிலேயே பிடித்துக்கொண்டு வங்கியில் விழுவது ரூ. 7,94,100. புத்தகத்தில் இப்படி எழுத வேண்டும்:

வங்கி — பற்று 7,94,100
செயலாக்கக் கட்டணம் — பற்று 5,000
ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி — பற்று 900
பைனான்சியர் கணக்கு — வரவு 8,00,000

பம்ப் கம்பெனியின் பெயரே இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய லெட்ஜரில் பத்து லட்சம் அப்படியே பாக்கியாக நிற்கும். இங்கேதான் பல அலுவலகங்களில் தவறு நடக்கிறது. பணம் வந்துவிட்டது என்ற நினைப்பில் வாங்கியவர் கணக்கில் எட்டு லட்சத்தை வரவு வைத்து, பாக்கி இரண்டு லட்சம் என்று காட்டிவிடுகிறார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையல்ல. வாங்கியவர் கட்டாமல் போனால் நஷ்டம் பவுண்டரியைத்தான் சேரும் என்கிறபோது, பில் கைமாறிவிட்டது என்று எப்படி எழுத முடியும்? வந்திருப்பது கடன். அது கடன் பக்கத்தில் தெரிய வேண்டும், வரவேண்டிய பாக்கி முழுதாகச் சொத்துப் பக்கத்தில் தெரிய வேண்டும். பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரநிலை 109-ம், ஆபத்தும் பலனும் யாரிடம் தங்குகின்றன என்று பார்த்துத்தான் பாக்கியைப் புத்தகத்திலிருந்து எடுக்கச் சொல்கிறது.

இந்தத் தவறு மார்ச் 31-இல் பெரிதாகும். எட்டு லட்சம் கடன் இருப்புநிலைக் குறிப்பில் காணாமல் போயிருக்கும். அடுத்த வாரம் வங்கி மேலாளர் அந்தக் குறிப்பைப் பார்த்து வரம்பை முடிவு செய்வார்.

வங்கியைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பவுண்டரிக்கு ஏற்கெனவே ஒரு வங்கியில் கேஷ் கிரெடிட் இருந்தால், கையிருப்புச் சரக்கும் வரவேண்டிய பாக்கிகளும் பெரும்பாலும் அந்த வங்கிக்கு ஈடாகத்தான் இருக்கும். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் இதே பம்ப் கம்பெனி பில்லையும் சேர்த்துக் காட்டி அதற்கும் பணம் எடுத்திருந்தால், ஒரே பில்லுக்கு இரண்டு கடன். வேண்டுமென்றே செய்தால் அது மோசடி. கவனக்குறைவாகச் செய்தாலும் வங்கி அப்படித்தான் பார்க்கும். அந்த வங்கியிடம் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வாங்கிய பிறகே பில்லைப் பைனான்சியரிடம் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோன பில்லை ஸ்டேட்மென்டிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இனி செலவு. 14.6 சதவீதம் என்று பேசி முடித்தாலும் பவுண்டரி உண்மையில் கொடுப்பது அதுவல்ல. பணம் சரியாக 45-ஆம் நாள், ஜூலை 20 அன்று வந்துவிட்டால் வட்டி நாளுக்கு ரூ. 320 வீதம் ரூ. 14,400. கட்டணம் ரூ. 5,000 சேர்த்தால் ரூ. 19,400. கட்டணத்தின் மீதான ரூ. 900 வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதைச் செலவில் சேர்க்கவில்லை. கையில் வந்த ரூ. 7,94,100-ஐ 45 நாள் வைத்திருந்ததற்கு ரூ. 19,400 என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 19.8 சதவீதம். பேசிய விகிதத்துக்கும் இதற்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம், அவ்வளவும் அந்த அரை சதவீதக் கட்டணத்தால் வந்தது.

நாள் குறையக் குறைய இந்தக் கட்டணம் இன்னும் கனக்கும். இதே பில் இருபதே நாளில் தீர்ந்துவிட்டால் வட்டி ரூ. 6,400 மட்டும்தான், ஆனால் கட்டணம் அதே ஐயாயிரம். ஆண்டு விகிதம் 26 சதவீதத்தைத் தாண்டிவிடும். சீக்கிரம் பணம் வரக்கூடிய பில்லை டிஸ்கவுண்ட் செய்வது அதிகச் செலவு என்பது கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது. பைனான்சியர் விகிதத்தைச் சொல்லும்போது கட்டணம் எவ்வளவு, அது பில் தொகையின் மீதா முன்பணத்தின் மீதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது தவறு.

ஒப்பிட்டுப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. உடனே பணம் கொடுத்தால் இரண்டு சதவீதம் கேஷ் டிஸ்கவுண்ட் தருகிறோம் என்று பம்ப் கம்பெனியிடமே கேட்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டால் பவுண்டரிக்குச் செலவு ரூ. 20,000, கையில் ரூ. 9,80,000. டிஸ்கவுண்டிங்கில் அதே அளவு செலவுக்குக் கையில் வந்தது எட்டு லட்சத்துக்கும் குறைவு. ஆண்டு விகிதமாகப் பார்த்தால் இது 16.6 சதவீதம்தான், பிற்பாடு தொல்லையும் இல்லை. எல்லாக் கம்பெனியும் சம்மதிக்காது. கேட்டுப் பார்க்காமலே பைனான்சியரிடம் போவதுதான் வருத்தம்.

இனிக் கதையின் பிற்பகுதி. பணம் சொன்ன தேதியில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சிறு தொழில் விற்பனையாளருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்தரக் கூட்டு வட்டியாக. சட்டம் இருக்கிறது, அடுத்த ஆர்டரை நினைத்துக்கொண்டு வட்டி கேட்பவர்கள்தான் குறைவு. பம்ப் கம்பெனி ஆகஸ்ட் 4-ஆம் தேதி, அறுபதாம் நாளில் கட்டுகிறது.

கட்டியதும் முழுத் தொகை அல்ல. வார்ப்புகளில் சிலவற்றில் கடைசல் பிடிக்கும்போது உள்ளே காற்றுப் பொத்தல் தெரிந்தது. அவற்றைத் தள்ளிவிட்டு ரூ. 10,000-க்கும் அதன் ஜிஎஸ்டி ரூ. 1,800-க்கும் டெபிட் நோட் போட்டு, ரூ. 9,88,200 மட்டும் பைனான்சியர் கணக்கில் கட்டினார்கள். வார்ப்புத் தொழிலில் இது வாரந்தோறும் நடப்பதுதான். பைனான்சியருக்கு இதில் கவலையில்லை. அவருக்கு வரவேண்டியதைவிட அதிகமாகவே வந்துவிட்டது. குறைந்த ரூ. 11,800 முழுதும் பவுண்டரியின் இருபது சதவீதத்திலிருந்தே போகும். பைனான்சியர் இருபது சதவீதத்தை நிறுத்திவைப்பதே இதற்காகத்தான்: தள்ளுபடி, நிராகரிப்பு, தாமதம் என எது வந்தாலும் முதலில் கரைவது விற்றவரின் பங்கு.

அன்றைக்கு எழுத வேண்டிய பதிவுகள் நான்கு. முதலில் திரும்பிய சரக்குக்கு ஜிஎஸ்டி விதிப்படி கிரெடிட் நோட் போட்டு, வாங்கியவர் பாக்கியைக் குறைக்க வேண்டும்:

விற்பனைத் திருப்பம் — பற்று 10,000
ஜிஎஸ்டி வெளியீட்டு வரி — பற்று 1,800
பம்ப் கம்பெனி — வரவு 11,800

அடுத்து அறுபது நாள் வட்டி, நாளுக்கு 320 வீதம்:

வட்டிச் செலவு — பற்று 19,200
பைனான்சியர் கணக்கு — வரவு 19,200

மூன்றாவது, பம்ப் கம்பெனி கட்டிய பணம் பவுண்டரிக்காகப் பைனான்சியரிடம் போய்ச் சேர்ந்தது:

பைனான்சியர் கணக்கு — பற்று 9,88,200
பம்ப் கம்பெனி — வரவு 9,88,200

இப்போது பம்ப் கம்பெனியின் லெட்ஜர் பூஜ்யம். பைனான்சியர் லெட்ஜரில் வரவு எட்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து இருநூறு, பற்று ரூ. 9,88,200. அவர் தரவேண்டிய மீதி ரூ. 1,69,000. அது வங்கிக்கு வந்ததும் கடைசிப் பதிவு:

வங்கி — பற்று 1,69,000
பைனான்சியர் கணக்கு — வரவு 1,69,000

சரிபார்க்கும் வழி எளிது. நிறுத்திவைத்த ரூ. 2,00,000-இல் டெபிட் நோட் ரூ. 11,800, வட்டி ரூ. 19,200 கழித்தால் 1,69,000 வர வேண்டும். பைனான்சியர் அனுப்பும் தீர்வுக் குறிப்பும் இதையே சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால், எத்தனை நாளுக்கு வட்டி போட்டிருக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பணம் வந்த நாளையும் சேர்த்து 61 நாளுக்குப் போடுபவர்கள் உண்டு. 365-க்குப் பதில் 360 நாளால் வகுப்பவர்களும் உண்டு. அடுத்துப் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் தாமதக் கட்டணம் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா என்பது. லெட்ஜரில் ஐம்பதோ நூறோ மிச்சம் நின்றால் அதை ‘இதரச் செலவு’ என்று தள்ளிவிடுவது கணக்காளர்களின் வழக்கம். பத்துப் பில் போனபின் அந்தச் சில்லறை பெரிய தொகையாகியிருக்கும். எந்தப் பில்லில் வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் பில் எண் வாரியாகத்தான் பைனான்சியர் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும், மொத்தமாக அல்ல.

பம்ப் கம்பெனி குறைத்துக் கட்டியதற்கு வேறு காரணமும் இருக்கலாம். பெரிய கம்பெனிகள் ஒரே விற்பனையாளரிடம் ஆண்டில் ஐம்பது லட்சத்துக்கு மேல் வாங்கும்போது, அதற்கு மேற்பட்ட தொகைக்கு 0.1 சதவீதம் வருமானவரிப் பிடித்தம் செய்கின்றன. அப்படிக் குறைந்த தொகை நஷ்டமல்ல. அதை வரிப் பிடித்தக் கணக்கில் பற்று எழுதிவைத்து, வருமானவரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிட்டு, ஆண்டு முடிவில் வரியில் கழித்துக்கொள்ளலாம். டெபிட் நோட்டையும் இதையும் ஒன்றாகக் கட்டிச் செலவு என்று எழுதினால் சொந்தப் பணத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

பவுண்டரி பக்கமும் ஒரு பிடித்தம் உண்டு. பலருக்கு அது நினைவுக்கு வருவதில்லை. பைனான்சியர் வங்கியாக இல்லாமல் நிதி நிறுவனமாக இருந்தால், அவருக்குக் கொடுக்கும் வட்டிக்குப் பொதுவாகப் பத்து சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் வட்டியை அவரே கழித்துக்கொண்டார், பிடிக்க ஏதும் கையில் இல்லை. எனவே பவுண்டரி தன் கையிலிருந்து ரூ. 1,920 கட்டிவிட்டு, அதற்கான சான்றிதழை அனுப்பி, அந்தத் தொகையைப் பைனான்சியரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டிச் செலவில் ஒரு பகுதியை வருமானவரிக் கணக்கில் ஏற்கமாட்டார்கள். ஒப்பந்தத்தில் அது ‘வட்டி’ என்று இருக்கிறதா, வேறு பெயரில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து இது மாறக்கூடும் என்பதால் முதல் பில்லிலேயே ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட அதிகமாக உறவைக் கெடுப்பது வேறொரு சம்பவம். பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஆள் மாறியிருப்பார். கணினியில் பவுண்டரியின் பழைய வங்கிக் கணக்கே இருக்கும். பணம் நேராகப் பவுண்டரிக்கு வந்துவிடும். சனிக்கிழமை கூலிக்குத் தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒன்பது லட்சத்து எண்பத்தெட்டாயிரம் வந்து விழுந்தால் யாருக்கும் கை நீளும். ஆனால் அது பவுண்டரியின் பணம் அல்ல. பைனான்சியருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் பணம். அன்றே பைனான்சியருக்குத் தெரிவித்து, அவருக்குச் சேரவேண்டிய ரூ. 8,19,200-ஐ அனுப்பிவிட வேண்டும். செலவழித்துவிட்டு அடுத்த பில்லில் சரிசெய்யலாம் என்று நினைத்தவர்களுக்கு அடுத்த பில்லுக்குப் பணம் கிடைக்காது.

பம்ப் கம்பெனி அடியோடு கட்டாமல் போனால்? ஒப்பந்தத்தில் குறித்த நாள், பெரும்பாலும் தொண்ணூறு நாள் கடந்ததும், பைனான்சியர் பவுண்டரியிடம் வருவார். எட்டு லட்சமும் தொண்ணூறு நாள் வட்டி ரூ. 28,800-ம் கட்டச் சொல்வார். முதல் நாளே சரியாக எழுதியிருந்தால் புத்தகத்தில் அதிர்ச்சி ஏதும் இல்லை: பைனான்சியர் கணக்கில் பற்று, வங்கியில் வரவு, கடன் தீர்ந்தது. பம்ப் கம்பெனியின் பத்து லட்சம் அப்படியே பாக்கியாக நிற்கிறது, இனி வசூலிப்பது பவுண்டரியின் பாடு. முதல் நாளில் எட்டு லட்சத்தை வாங்கியவர் கணக்கில் வரவு வைத்திருந்தவர் இன்று அதைத் திருப்பி எழுத வேண்டும். அதுவரை தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இந்த ஆபத்தை விற்பவரின் தலையிலிருந்து இறக்கிவைக்கும் ஏற்பாடும் நாட்டில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2017 முதல் நடைமுறைக்கு வந்த ‘ட்ரெட்ஸ்’ மின்னணுத் தளங்கள்தான் அவை. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை இவற்றை நடத்துகின்றன. விற்பவர் பில்லை ஏற்றுகிறார், வாங்குபவர் தளத்திலேயே அதை ஏற்றுக்கொள்கிறார், பல வங்கிகளும் நிதி நிறுவனங்களும் விகிதம் கேட்கின்றன. பிடித்த விகிதத்துக்கு விற்றுவிடலாம். உரிய தேதியில் வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடும். போகாவிட்டாலும் விற்றவரிடம் யாரும் வரமாட்டார்கள். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு வரம்பைக் குறைத்தது. அதற்கு முன் அது 500 கோடி. விகிதம் வாங்குபவரின் தரத்தைப் பார்த்து வருவதால், பவுண்டரி தனியாகப் போய்க் கேட்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அங்கே பதிவும் வேறு. நிராகரிப்பு, கழிவு எல்லாம் வாங்குபவர் ஏற்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஏற்றுக்கொண்டபின் அந்தத் தொகையை மாற்ற முடியாது. நிறுத்திவைப்பும் வழக்கமாக இல்லை. ஏற்ற தொகை ரூ. 9,88,200, பிடித்த தள்ளுபடி ரூ. 12,000 என்று வைத்துக்கொண்டால், வங்கி பற்று 9,76,200, தள்ளுபடிச் செலவு பற்று 12,000, பம்ப் கம்பெனி வரவு 9,88,200. தளத்துக்கான சிறு கட்டணம் தனி. கடன் என்ற தலைப்பே இதில் வராது, ஏனென்றால் இது கடனல்ல, பில்லின் விற்பனை. ஒரே பம்ப் கம்பெனி, ஒரே வார்ப்புகள், ஒரே பில்தான். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லாததால் முதல் நாளே வாங்கியவர் பெயருக்கு எதிரே பூஜ்யம் எழுதலாம்.